வெளிச்சம் விட்டு விட்டு அடித்தால் வலிப்பு வருபவருக்கு கேம் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்கு வலிப்பு இருக்கு. அப்ப அவன் கேமே விளையாடக் கூடாதா?

வலிப்பு உள்ள எல்லோருக்கும் வெளிச்சத்தால் வலிப்பு வருவதில்லை. நூறு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்குத்தான் அப்படி. அது சின்னப் பிள்ளைகளிடமும் வளர் இளம்பருவத்தினரிடமும் அதிகம், அதாவது சரியாக கேம் பைத்தியம் பிடிக்கிற வயதில். உங்கள் தம்பி அந்த மூன்று பேரில் ஒருவனா என்பதை நீங்கள் வீட்டில் ஒரு கேமைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது. ஈஈஜி எடுக்கும்போது கண்ணுக்கு முன்னால் ஒரு விளக்கை வெவ்வேறு வேகத்தில் மின்னவிட்டு மூளை அலையைப் பார்ப்பார்கள், அதில் தெரிந்துவிடும். பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய் நரம்பியல் மருத்துவரிடம், "இவனுக்கு ஒளித் தூண்டல் சோதனையில் மாற்றம் வந்ததா, எந்த வேகத்தில் வந்தது" என்று நேராகக் கேளுங்கள். 'இல்லை' என்று அவர் சொன்னால் இந்தப் பக்கத்தில் இருப்பதில் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது. 'ஆமாம்' என்றால் மேலே படியுங்கள், கூடவே கேம் விளையாடலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள். அனுமதி கொடுப்பது அவர் வேலை. அவர் சரி என்ற பிறகு எந்த கேம் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

எல்லா கேமும் ஆரம்பத்துலயே எச்சரிக்கை காட்டுதே, அதைப் பார்த்தா போதாதா?

போதாது. அந்த எச்சரிக்கை சீட்டுக்கட்டு கேமிலும் வரும், திரை முழுக்க மின்னல் வெட்டுகிற கேமிலும் வரும், இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான். நிறுவனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போடுவது அது, இந்த கேமில் எந்த இடத்தில் என்ன மின்னும் என்று உங்களுக்குச் சொல்வதற்காக அல்ல. வயது முத்திரையும் உதவாது. பெகி, இஎஸ்ஆர்பி போன்றவை வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் என்றெல்லாம் குறி போடுகின்றன, மின்னும் வெளிச்சத்துக்குக் குறி கிடையாது. மூன்று வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று முத்திரை குத்திய கேமிலும் பரிசு வென்றதும் திரை பளிச் பளிச் என்று அடிக்கலாம்.

விதிவிலக்காக ஒன்று கவனிக்கத்தக்கது: எச்சரிக்கை அந்த கேமுக்கென்றே எழுதப்பட்டிருந்தால், அதாவது "இந்தக் கட்டத்தில் இப்படி மின்னும்" என்று இடத்தைச் சுட்டியிருந்தால், அதை மதியுங்கள்.

சரி, எந்த மாதிரி வெளிச்சம்தான் ஆபத்து?

வேகம், பரப்பு, நிறம், மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேகம் என்பது ஒரு நொடியில் எத்தனை முறை வெளிச்சமும் இருட்டும் மாறி வருகிறது என்பது. நொடிக்கு 3 முதல் 30 வரை உள்ள வேகம்தான் பெரும்பாலும் சிக்கல், அதிலும் 15 முதல் 20 வரை உள்ளது மோசம். இணையப் பக்கங்களுக்கான அணுகுதன்மை விதிகளில் நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. நாமும் அந்த மூன்றையே கோடாக வைத்துக்கொள்ளலாம்.

பரப்பு என்பது பார்வையில் எவ்வளவு இடத்தை அந்த மின்னல் அடைக்கிறது என்பது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. பார்வையின் நடுவில் அந்த அளவு இடத்தில் கால் பங்குக்கு மேல் மின்னினால் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது விதி. நினைத்ததைவிடச் சின்ன இடம், இல்லையா? ஒரு சின்ன நாணயம் திரை ஓரத்தில் மினுக்குவது பரவாயில்லை, பாதித் திரையை அடைத்து நிற்கிற ராட்சதன் அடி வாங்கும்போதெல்லாம் வெள்ளையாக மினுக்குவது பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

நிறத்தில் அடர் சிவப்புதான் வில்லன். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறக்குறைய 12 முறை மாறி மாறி வந்தன. அன்று மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 685 பேர். அவர்களில் பலருக்கு அதற்கு முன் வலிப்பே வந்ததில்லை.

இது போக, சிலருக்கு மின்னல் இல்லாமல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் நகர்ந்தாலே போதும், வலிப்பு வந்துவிடும். சுழல்கிற சுரங்கப்பாதை, ஓடுகிற கோடுகள், சதுரங்கக் கட்டம் போன்ற தரை வேகமாக நகர்வது எல்லாம் இதில் அடங்கும். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து போகும்போது சாலையோர மரங்களுக்கு நடுவே வெயில் வெட்டி வெட்டி அடித்தால் அவருக்கு ஒரு மாதிரி ஆகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இதே வகைதான், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தியும்கூட.

வாங்கறதுக்கு முன்னாடி நானே எப்படிச் சரிபார்க்கிறது?

முதல் நிபந்தனை, பார்ப்பது நீங்கள்தான். வலிப்பு உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்க்கக் கூடாது.

யூடியூபில் அந்த கேமை யாராவது பேசாமல் முழுதாக விளையாடிப் போட்ட வீடியோவைத் தேடுங்கள். டிரெய்லர் வேண்டாம். டிரெய்லரை எடிட்டரே வெட்டி வெட்டி மின்ன வைத்திருப்பார், கேமில் உள்ள நிஜமான இடமோ அதில் இருக்காது. தரத் தெரிவில் 720p60 அல்லது 1080p60 என்று 60 உள்ளதை எடுங்கள். நொடிக்கு 30 படம் மட்டும் உள்ள வீடியோவில் வேகமான மின்னல்கள் பாதி விழுங்கப்பட்டிருக்கும், பார்த்தால் சாதுவாகத் தெரியும்.

முழு வீடியோவையும் பார்க்கத் தேவையில்லை. மின்னல் வழக்கமாக ஒளிந்திருக்கும் இடங்கள் உண்டு: பெரிய எதிரி சாகும் கணம், உயிர் குறைந்து திரை சிவப்பாகத் துடிக்கும் கணம், இடி மழைக் காட்சி, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் கணம், பரிசுப் பெட்டி திறப்பது, இருட்டு அறையில் துப்பாக்கி. இந்த இடங்களுக்கு நேராகத் தாவிப் போங்கள். கேமின் கடைசி அரைமணி நேரத்தைக் கட்டாயம் பாருங்கள், கதை முடிவில் தான் கற்ற வித்தையெல்லாம் திரையில் கொட்டுவது கேம் செய்பவர்களின் பழக்கம்.

சந்தேகமான இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டு, கணினி விசைப்பலகையில் புள்ளி விசையை ( . ) ஒவ்வொரு முறை அழுத்தினாலும் ஒரு படம் முன்னே போகும். காற்புள்ளி விசை ( , ) ஒரு படம் பின்னே கொண்டுவரும். இதை வைத்து எண்ணிவிடலாம்.

எண்ணிக் காட்டுங்களேன்?

பழைய பாணியில் பக்கவாட்டில் பறந்து சுடுகிற ஒரு கேம் என்று வையுங்கள். கடைசி ராட்சத விமானம் வெடிக்கிறது. நிறுத்தி, புள்ளி விசையைத் தட்டுகிறோம். வெள்ளைத் திரை. இன்னொரு தட்டு, இன்னும் வெள்ளை. அடுத்த தட்டில் இருட்டு வானம், அதற்கடுத்ததும் இருட்டு வானம், பிறகு மறுபடி வெள்ளை. ஆக 2 படம் வெளிச்சம், 2 படம் இருட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு 4 படம். நொடிக்கு 60 படம் ஓடுகிறது, 60-ஐ 4-ஆல் வகுத்தால் 15. நொடிக்கு 15 மின்னல், அதுவும் திரை முழுக்க. இருப்பதிலேயே மோசமான வேகம் இது. ஒன்றரை நொடிதானே என்று விடக் கூடாது. இந்த ஒரு இடத்துக்காகவே அந்த கேமை ஒதுக்கிவிடலாம், அல்லது அமைப்புகளில் அணைக்க முடிகிறதா என்று பார்க்கலாம்.

இன்னொரு கேமில் வெடித்ததும் திரை வெள்ளையாகி, தட்டத் தட்ட மெதுவாக மங்கி, ஒரு 20 படம் கழித்துப் பழைய நிலைக்கு வருகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை. அது ஒரே ஒரு மின்னல். கண் கூசும், ஆனால் மூன்று என்ற கோட்டுக்குள் இருக்கிறது.

இதில் ஓர் எல்லையையும் மனதில் வையுங்கள். வீடியோவில் பார்ப்பது வேறொருவர் விளையாடிய ஆட்டம். உங்கள் தம்பி அதே அறையில் நான்கு வெடிகுண்டை ஒன்றாகப் போட்டால் திரையில் வருவது வேறாக இருக்கும். ஆகவே விளையாடுபவர் எத்தனை முறை வேண்டுமானாலும் தூண்டிவிடக்கூடிய மின்னல் (மந்திரம், குண்டு, ஆயுதம்) ஒவ்வொன்றும் தனியாக லேசாக இருந்தாலும் அடுத்தடுத்து வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃப்ரீ ஃபயர், பிஜிஎம்ஐ மாதிரி துப்பாக்கி கேம் எல்லாம்?

நிறைய வீட்டில் சண்டை இதற்குத்தான். கண்ணைக் கூசவைக்கும் குண்டுக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அது ஒரு முறை வெள்ளையாகி மங்குவது, மேலே சொன்ன 20 படக் கதை போல. நான் அதைவிடக் கவனிப்பது துப்பாக்கி வாய்த் தீயை. ஏகே வகைத் துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 குண்டு சுடும், கேம்களிலும் அந்தக் கணக்கை ஒட்டியே வைப்பார்கள். 600-ஐ 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 10. விரலை எடுக்காமல் சுட்டால் நொடிக்கு 10 முறை தீ மின்னுகிறது.

பட்டப்பகல் மைதானத்தில் அந்தத் தீ திரையில் ஒரு பொட்டு, சுற்றிலும் ஏற்கெனவே வெளிச்சம், பெரிய வேறுபாடு தெரியாது. அதே துப்பாக்கியை இருட்டுக் கட்டடத்துக்குள் சுடும்போது சில கேம்களில் ஒவ்வொரு குண்டுக்கும் சுவர் முழுக்க வெளிச்சமாகி அணையும். ஆகவே "துப்பாக்கி கேம் சரியா தப்பா" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் இல்லை, எந்த வரைபடம், பகலா இரவா, சுடும்போது சுவர் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். இருட்டு அறையில் டார்ச்சோடு நடக்கிற பேய் கேம்களை நான் பார்க்காமலே தள்ளிவிடுவேன். பழுதான டியூப்லைட் விட்டு விட்டு எரியாத பேய் கேம் அபூர்வம்.

அமைப்புகள்ல ஏதாவது அணைச்சா சரியாகுமா?

சில கேம்களில் ஆகும். செலஸ்ட் என்கிற மலையேறும் கேமில் `Photosensitive Mode` என்று நேராகவே ஒரு தெரிவு இருக்கிறது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் அணுகுதன்மைப் பகுதியில் `Hide Lightning Flashes` உண்டு, இடி இடிக்கும்போது வானம் முழுக்க வெளுப்பதை அது நிறுத்தும். பீட் சேபரில் விளக்குகளுக்கு `Strobe Filter` இருக்கிறது, ஆனால் அது திரையைத் தலையில் மாட்டி விளையாடுகிற விஆர் கேம், அதற்குக் கீழே வருகிறேன்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத தெரிவுகளும் உண்டு. `Camera Shake`, `Motion Blur` இரண்டும் தலைசுற்றலுக்கானவை, மின்னலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. `Screen Flash`, `Reduce Flashing` போன்ற பெயர் இருந்தால்தான் நமக்கு வேலை. அணைத்துவிட்ட பிறகும் அது எதை அணைத்தது என்று நீங்கள் முதலில் விளையாடிப் பாருங்கள், அடி வாங்கும் மின்னலை நிறுத்திவிட்டு கதைக் காட்சியில் வரும் மின்னலை அப்படியே விட்டுவைக்கிற கேம்கள் இருக்கின்றன.

எச்டிஆர் இருந்தால் அணைத்துவிடுங்கள். வெள்ளை இன்னும் பிரகாசமாகவும் இருட்டு இன்னும் ஆழமாகவும் காட்டுவதுதான் அதன் வேலை, நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது.

அப்டேட் வந்தா சரி பண்ணிடுவாங்கன்னு சொல்றாங்களே?

சரி பண்ணவும் செய்வார்கள், கெடுக்கவும் செய்வார்கள். 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளிவருவதற்குச் சில நாள் முன்பு, கேம் இன்ஃபார்மர் இதழின் விமர்சகர் ஒருவர் அதை விளையாடும்போது தனக்கு வலிப்பு வந்ததாக எழுதினார். பிறருடைய நினைவுகளைப் பார்க்க கதாபாத்திரம் தலையில் ஒரு கருவியை மாட்டும், அப்போது கண்ணுக்கு நேரே சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள் படபடவென்று அடிக்கும். ஈஈஜி அறையில் வேண்டுமென்றே வலிப்பைத் தூண்டிப் பார்க்க விளக்கடிப்பதைப் போலவே இருந்ததாக அவர் எழுதியிருந்தார். நிறுவனம் முதலில் தனியாக ஓர் எச்சரிக்கை சேர்த்தது, பிறகு கேம் வெளியான கையோடு வந்த 1.04 திருத்தத்தில் மின்னலின் வேகத்தையும் வீச்சையும் குறைத்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று. செகண்ட் ஹேண்டில் டிஸ்க் வாங்கி, இணையம் இல்லாமல் போட்டு விளையாடினால் உங்களுக்குக் கிடைப்பது திருத்தத்துக்கு முந்தைய கேமாக இருக்கலாம். முதலில் இணையத்தில் இணைத்து, அப்டேட் முழுதும் இறங்கிய பிறகு கையில் கொடுங்கள்.

வேற யாராவது பார்த்துச் சொன்ன பட்டியல் இருக்கா?

doesthedogdie.com தளத்தில் கேம் பெயரைத் தேடினால் மின்னும் வெளிச்சம் உண்டா என்ற கேள்விக்குப் பயனர்கள் ஆம், இல்லை என்று போட்டிருப்பார்கள். 'ஆம்' என்று நிறையப் பேர் போட்டிருந்தால் நம்புங்கள். 'இல்லை' என்று இருந்தால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள், வாக்களித்தவருக்கு வலிப்பு இல்லாமல் இருக்கலாம், அவர் கவனிக்காமலும் போயிருக்கலாம்.

கணினியில் கொஞ்சம் கை தேர்ந்தவர் என்றால் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2023 டிசம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட ஐரிஸ் என்ற கருவி இருக்கிறது. வீடியோவைக் கொடுத்தால் மின்னலையும் அடர் சிவப்பையும் அதுவே அளந்து சொல்லும். மற்றவர்களுக்குப் புள்ளி விசையே போதும்.

மொபைல்ல சின்னத் திரைதானே, அது பாதுகாப்பா?

மேசையில் வைத்துத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் டிவியைவிடப் பரவாயில்லை. ஆனால் பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள்? விளக்கை அணைத்துவிட்டு, போர்வைக்குள், மூக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு. அப்போது அந்தச் சின்னத் திரை பார்வையில் பெரும்பகுதியை அடைத்துவிடும், சுற்றி இருட்டு என்பதால் ஒவ்வொரு மின்னலும் இன்னும் பலமாக விழும். அறையில் விளக்கு எரிய வேண்டும், திரையின் வெளிச்சம் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், போன் கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். டிவியில் என்றால் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் தள்ளி உட்காரட்டும். தூக்கம் கெட்ட இரவுக்கு மறுநாளும் மாத்திரை தவறிய நாளிலும், எவ்வளவு சாதுவான கேம் என்றாலும் வேண்டாம்.

விஆர்?

வேண்டாம். திரை பார்வை முழுவதையும் மூடிவிடுகிறது, தள்ளி உட்காரவும் முடியாது, சட்டென்று முகத்தைத் திருப்பினால் திரையும் கூடவே திரும்பும்.

நீல ஒளி தடுக்கிற கண்ணாடி போட்டா?

கடையில் விற்கிற அந்தக் கண்ணாடியை இதற்கான பாதுகாப்பாக நினைக்க வேண்டாம். மருத்துவர்கள் சிலருக்குப் பரிந்துரைப்பது அடர் நீல நிறக் கண்ணாடி, சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விடாமல் தடுப்பது. அது வேறு பொருள், யாருக்கு உதவும் என்பதையும் சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார்கள்.

விளையாடும்போது திடீர்னு மின்ன ஆரம்பிச்சா கண்ணை மூடிக்கச் சொல்லலாமா?

மூடக் கூடாது. இமை மெல்லிய தோல், வெளிச்சம் அதன் வழியாகச் சிவப்பாக உள்ளே வரும், கண்ணை மூடித் திறப்பதே சிலருக்குத் தூண்டுதலாகவும் ஆகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்கப் பொத்திக்கொண்டு முகத்தைத் திரையிலிருந்து திருப்ப வேண்டும். ஒரு கண் வழியாக மட்டும் வரும் மின்னல் மூளையை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. இதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகாமல், கேம் இல்லாத நேரத்தில் பழக்கிவையுங்கள்: நான் "கை" என்றதும் கண்ணைப் பொத்து, திரும்பு. என் அக்கா மகனுக்கு அப்படித்தான் பழக்கினோம், இப்போது யாரும் சொல்லாமலே கல்யாண மண்டபத்தில் டிஜே விளக்கு சுழல ஆரம்பித்ததும் கை போய்விடுகிறது.

கண் இமை படபடப்பது, கை திடீரென்று வெட்டி இழுப்பது, பேசிக்கொண்டே இருந்தவர் ஒரு கணம் வெறித்துப் பார்ப்பது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது.

வலிப்பு வந்தே விட்டா?

திரையை அணையுங்கள். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்பும் சாவிக்கொத்தும் திணிக்க வேண்டாம், அதனால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதுவும் வேண்டாம், இழுத்துப் பிடித்து அடக்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ, இதுவே முதல் வலிப்பு என்றாலோ 108-ஐ அழையுங்கள். எந்த கேம், எந்தக் கட்டம், திரையில் அப்போது என்ன வந்தது என்பதைக் குறித்துவையுங்கள், மருத்துவர் கேட்பார்.

வாங்கின பிறகுதான் மின்னுதுன்னு தெரியுது, பணம் போச்சா?

ஸ்டீமில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தம்பி அல்ல. பிளேஸ்டேஷன் கடையில் இந்த வசதி இறக்கம் செய்வதற்கு முன்பு வரைதான், ஆகவே அங்கே வீடியோ பார்க்கும் வேலையை முதலிலேயே முடித்துவிட வேண்டும்.

ஒரு தடவை பார்த்து ஓகே சொன்ன கேமை அப்புறம் விட்டுடலாமா?

கதை முடிந்தால் முடிந்துவிடுகிற, தனியாக விளையாடுகிற கேம் என்றால் விட்டுவிடலாம். மாதாமாதம் புதுசு இறக்குகிற இணைய கேம்களை விட முடியாது. தீபாவளி, புத்தாண்டு நிகழ்வு என்று வாணவேடிக்கை, நேரலைக் கச்சேரி, துப்பாக்கிக்குப் புதுத் தோற்றம் எல்லாம் வரும், சுடும்போது மின்னுகிற விதம் அந்தத் தோற்றத்தோடு சேர்ந்தே மாறலாம். ரோப்லாக்ஸ் போன்றவற்றில் ஒவ்வொரு கேமையும் வேறு வேறு ஆட்கள் செய்கிறார்கள், ஆகவே "ரோப்லாக்ஸ் ஓகே" என்று சொல்லவே முடியாது, அதற்குள் எந்த கேம் என்று பெயர் சொல்லி ஒவ்வொன்றாகத்தான் அனுமதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, பார்த்த கேமின் பெயர், பார்த்த தேதி, அணைத்த தெரிவு. பெரிய அப்டேட் வந்தால் தேதியை அடித்துவிட்டு, மறுபடி பார்க்கும் வரை அந்த கேம் கிடையாது.